இரண்டாம் ஆண்டு பில்: சிறு கடை இணையதளமும் புதுப்பிப்பு விலையும்

சிறு கடை ஒன்றுக்கு இணையதளம் போட ஆகும் செலவு மிகக் குறைவு என்று விளம்பரங்கள் சொல்கின்றன. முதல் ஆண்டைப் பொறுத்தவரை அது உண்மைதான். மாதம் இருநூறு ரூபாய்க்கும் குறைவாக ஹோஸ்டிங், அதோடு டொமைன் இலவசம், கடைப் பெயரில் இரண்டு மின்னஞ்சல் இலவசம், முகவரிப் பட்டியில் பூட்டுக் குறி காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழும் இலவசம். பன்னிரண்டு மாதம் கழித்து வரும் பில்லைப் பார்த்துக் கடைக்காரர் திகைக்கிறார். விலையை ஏற்றிவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த நிறுவனம் எதையும் புதிதாக ஏற்றவில்லை. அவர் சேர்ந்த நாளிலேயே அங்கே இரண்டு விலை இருந்தது: உள்ளே வருபவருக்கு ஒன்று, உள்ளே இருப்பவருக்கு மற்றொன்று. முதல் விலையில் நிறுவனம் விட்டுக்கொடுத்ததை இரண்டாம் விலையில் எடுக்கிறது. எவ்வளவு எடுக்கலாம் என்பதைச் சர்வரின் செலவோ டாலர் விலையோ தீர்மானிப்பதில்லை, அந்த வாடிக்கையாளர் வெளியேறுவது எவ்வளவு கடினம் என்பதே தீர்மானிக்கிறது. வெளியேற்றம் எளிதாக உள்ள இடத்தில் உயர்வு சிறியதாகவும், கடினமாக உள்ள இடத்தில் பெரியதாகவும் இருக்கிறது. ஒரு பில்லைப் பிரித்துப் பார்த்தாலே இது தெரியும்.

சந்தையில் வழக்கமாகக் காணும் அமைப்பை ஒட்டி ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இதில் வரும் தொகைகள் எந்த ஒரு நிறுவனத்தின் விலைப்பட்டியலும் அல்ல. ஒரு பலகாரக் கடை ஓராண்டுத் திட்டம் எடுக்கிறது. ஹோஸ்டிங் மாதம் 199 ரூபாய், ஆண்டுக்கு 2,388. மற்றவை எல்லாம் இலவசம். விளம்பரத்தில் காட்டாத 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 2,818 ரூபாய். இரண்டாம் ஆண்டில் ஹோஸ்டிங் மாதம் 499 ஆகிறது, ஆண்டுக்கு 5,988. இலவசமாக இருந்த டொமைனுக்கு 1,400. மின்னஞ்சல் பெட்டி ஒன்றுக்கு மாதம் 99 வீதம் இரண்டுக்கும் சேர்த்து 2,376. கூட்டினால் 9,764, ஜிஎஸ்டியோடு 11,522. ஹோஸ்டிங் விலை மட்டும் பார்த்தால் இரண்டரை மடங்குதான் உயர்ந்திருக்கிறது; பில் நான்கு மடங்குக்குச் சற்று மேல் போய்விட்டது. வரிக்கு முந்தைய உயர்வு 7,376 ரூபாய். அதில் ஹோஸ்டிங்கின் பங்கு 3,600. மீதி, அதாவது பாதிக்கு மேல், முதல் ஆண்டில் "இலவசம்" என்ற சொல்லுக்குள் இருந்த பொருள்களிலிருந்து வருகிறது. ஹோஸ்டிங்கின் புதுப்பிப்பு விலையை விளம்பரத்தின் அடியில் சிறு எழுத்தில் படித்துவிட்டுச் சேர்ந்தவர்கூட இந்தப் பில்லை முன்கூட்டிக் கணக்கிட்டிருக்க மாட்டார். ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டிய வரம்புக்குக் கீழே உள்ள சிறு கடைக்கு அந்த 18 சதவீதமும் திரும்பக் கிடைக்காத செலவு. பதிவு பெற்ற பெரிய கடை அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும்.

இதற்கு நிறுவனங்கள் சொல்லும் முதல் பதில், அடக்க விலை ஏறுகிறது என்பது. டொமைனைப் பொறுத்தவரை இதைச் சரிபார்க்க முடியும், ஏனென்றால் `.com` பெயரின் மொத்த விலை வெளிப்படையானது. எல்லா `.com` பெயர்களின் பதிவேட்டையும் அமெரிக்காவின் வெரிசைன் என்ற ஒரே நிறுவனம் நடத்துகிறது. நாம் பெயர் வாங்கும் நிறுவனங்கள் அதனிடம் மொத்த விலைக்கு எடுத்து நமக்குச் சில்லறையாக விற்கின்றன. அந்த மொத்த விலை 2012 முதல் ஆண்டுக்கு 7.85 டாலரில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 2018இல் அமெரிக்க வணிகத் துறையுடனான ஒப்பந்தம் திருத்தப்பட்டு, ஒவ்வொரு ஆறு ஆண்டிலும் கடைசி நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு 7 சதவீதம் வரை ஏற்றலாம் என்று ஆனது. 2021 செப்டம்பரில் 8.39, அடுத்த ஆண்டு 8.97, பிறகு 9.59, 2024 செப்டம்பரில் 10.26 என்று வெரிசைன் நான்கு முறையும் முழு அளவுக்கு ஏற்றியது. இதோடு, டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்புக்கு ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 20 சென்ட் கட்டணம்; 2025 ஜூலைக்கு முன் அது 18 சென்ட். ரூபாயும் சரிந்ததால் இந்திய நிறுவனத்துக்கு அடக்கம் இன்னும் வேகமாக ஏறியிருக்கிறது: 2012 தொடக்கத்தில் டாலர் ஐம்பது ரூபாய் அளவில் இருந்தபோது சுமார் 400 ரூபாயாக இருந்த மொத்த விலை, 2024 செப்டம்பரில் 860 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. செலவு உண்மையிலேயே ஏறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த இரு மடங்கு. கடைக்காரரின் பில்லோ பன்னிரண்டு மாதத்தில் நான்கு மடங்கு ஆகிறது.

அடக்க விலை வாதத்தை முழுவதும் கைவிடச் செய்யும் சான்று வேறொன்று. கடைக்காரருக்கு 499 ரூபாய் விகிதத்தில் புதுப்பிப்பு பில் அனுப்பும் அதே நாளில், அதே நிறுவனம், அதே திட்டத்தை, அதே சர்வரில், புதிதாக வருபவருக்கு 199 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருக்கிறது. மின்கட்டணமும் மென்பொருள் உரிமமும் டாலரும் இருவருக்கும் ஒன்றே. சொல்லப்போனால் பழைய வாடிக்கையாளருக்கு ஆகும் செலவு குறைவு: அவரைப் பிடிக்க விளம்பரம் தேவையில்லை, தளம் அமைக்கும்போது எழும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் உதவி மைய நேரமும் தேவையில்லை. ஹோஸ்டிங் துறையில் செலவு திடீரென்று கூடிய தருணங்கள் உண்டு. சர்வரை நிர்வகிக்கப் பெரும்பாலான நிறுவனங்கள் பயன்படுத்தும் சிபேனல் மென்பொருள், 2019இல் சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த உரிமக் கட்டணத்தைக் கணக்குக்கு இவ்வளவு என்று மாற்றியபோது, ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சிறு தளங்களை வைத்திருந்தவர்களுக்குச் சுமை பல மடங்கானது. அப்படி ஒரு செலவு வந்தால் அது எல்லாருடைய விலையையும் உயர்த்த வேண்டும். ஆண்டு முடிந்தவர்களைத் தேடிப்பிடித்து அவர்கள் விலையை மட்டும் உயர்த்தும் செலவு என்று ஒன்று கிடையாது.

அப்படியென்றால் உயர்வின் அளவை எது தீர்மானிக்கிறது? பில்லில் உள்ள மூன்று பொருள்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முதலில் `.com` டொமைன். இதில் சில்லறை நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை ஐகான் விதிகளே தருகின்றன. பழைய நிறுவனத்தின் கணக்கில் பூட்டைத் திறந்து, மாற்றக் குறியீட்டை வாங்கி, புதிய இடத்தில் இட்டு ஓராண்டுக் கட்டணம் செலுத்தினால் அதிகபட்சம் ஐந்தாறு நாளில் பெயர் மாறிவிடும். அந்தக் கட்டணமும் வீணாவதில்லை. இருக்கும் காலாவதி தேதியோடு ஓராண்டு சேர்கிறது. வாங்கியோ மாற்றியோ 60 நாள் ஆகாதிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டும். மொத்த விலைக்கே லாபமின்றி `.com` விற்கும் நிறுவனமும் இந்தச் சந்தையில் உண்டு. கிளவுட்ஃபிளேர் 2018 முதல் அப்படி விற்கிறது. விலகிப்போக இவ்வளவு எளிதான வழி இருப்பதால்தான் `.com` புதுப்பிப்பு விலை, பெரும்பாலான இடங்களில், மொத்த விலையிலிருந்து மிகத் தொலைவுக்குப் போக முடிவதில்லை. நம் மாதிரிப் பில்லின் உயர்வில் மிகச் சிறிய பங்கு டொமைனுடையதாக இருப்பது தற்செயல் அல்ல.

அதே டொமைன் சந்தையில் வேறு விதமான பெயர்களும் இருக்கின்றன. கடைக்காரர்களை அதிகம் ஈர்ப்பவை அவைதான்: `.shop`, `.store`, `.online`. 2012இல் ஐகான் புதிய பின்னொட்டுகளுக்கு விண்ணப்பம் வாங்கியபோது பிறந்தவை இவை. முதல் ஆண்டு நூறு ரூபாய் அளவுக்குக்கூடக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு `.com` விலையைப் போல மூன்று நான்கு மடங்கு கேட்கும். இங்கே கடைக்காரர் செய்யும் இயல்பான கணக்கு, விலை கூடினால் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வோம் என்பது. `.com` பெயருக்குப் பலிக்கும் அந்தக் கணக்கு இங்கே பலிக்காது. `.com` பெயரில் தள்ளுபடி தருவதும் பிறகு விலையைக் கூட்டுவதும் சில்லறை நிறுவனம். இந்தப் பின்னொட்டுகளில் முதல் ஆண்டுத் தள்ளுபடியை மொத்தப் பதிவகமே தருகிறது, இரண்டாம் ஆண்டின் உயர்ந்த விலையும் அதனுடைய மொத்த விலைதான். எந்தச் சில்லறை நிறுவனத்துக்குப் போனாலும் அதன்மேல் அவரவர் லாபம் ஏறித்தான் வரும். `.com` ஒப்பந்தத்தில் உள்ள 7 சதவீத உச்சவரம்பு போன்ற எதுவும் இவற்றின் ஒப்பந்தங்களில் இல்லை. `.shop` பின்னொட்டை நடத்தும் உரிமைக்காக ஜப்பானின் ஜிஎம்ஓ பதிவகம் 2016 ஜனவரியில் ஐகான் ஏலத்தில் 4 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்தது. அந்தப் பணம் திரும்ப வரவேண்டிய இடம், பெயரைப் பலகையிலும் பையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்துவிட்டு இனி மாற்ற முடியாது என்ற நிலைக்கு வந்த கடைகளின் புதுப்பிப்புக் கட்டணம். ஒரு பாதுகாப்பு உண்டு: புதுப்பிப்பு விலையைக் கூட்டும்முன் பதிவகம் ஆறு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும், அதற்குள் பழைய விலையிலேயே பத்தாண்டு வரை நீட்டித்துக்கொள்ள வழிவிட வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பு போவது சில்லறை நிறுவனங்களுக்கு. அவை அதைக் கடைக்காரருக்குச் சொன்னால்தான் அவருக்குப் பயன்.

2017இல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற பதிவகம் தன் பின்னொட்டுகளில் சிலவற்றின் விலையைப் பல மடங்கு கூட்டப்போவதாக அறிவித்தது. எதிர்பார்த்த அளவுக்குப் பெயர்கள் விற்கவில்லை, இருக்கும் குறைந்த வாடிக்கையாளர்களை வைத்துத்தான் பதிவகத்தை நடத்த வேண்டும் என்பது காரணம். அதன் பெயர்களை விற்பதையே கோடாடி என்ற சில்லறை நிறுவனம் நிறுத்தியது. இதிலிருந்து தெரிவது: பின்னொட்டு பிரபலமாகாமல் போனாலும் அதன் இழப்பு, விலக முடியாதவர் தலையில்தான் விழுகிறது. `.in` பெயரின் நிலை வேறு. அதன் பதிவகமான நிக்ஸி, மத்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் வரும் லாப நோக்கற்ற நிறுவனம். உள்ளூர் வியாபாரத்தை மட்டும் நம்பியிருக்கும் கடைக்கு `.in` அல்லது `.com` போதும் என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது ஹோஸ்டிங். இதை மாற்றும் உரிமையை எந்த விதியும் பறிப்பதில்லை, எந்த விதியும் எளிதாக்குவதும் இல்லை. வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் வைத்து அமைத்த ஒரு கடைத் தளத்தை மாற்றுவதன் நடைமுறையைப் பார்த்தால் சிரமம் எங்கே என்று புரியும். கோப்புகள் அனைத்தையும் இறக்க வேண்டும். பொருள், விலை, ஆர்டர், வாடிக்கையாளர் விவரம் எல்லாம் உள்ள தரவுத்தளத்தைத் தனியே ஏற்றுமதி செய்ய வேண்டும். புதிய சர்வரில் இரண்டையும் ஏற்றி, `wp-config.php` கோப்பில் தரவுத்தளப் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றி, தற்காலிக முகவரியில் தளம் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். டொமைன் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை அதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டும். அந்த மாற்றம் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. சில மணி நேரம் சிலர் பழைய சர்வருக்கும் சிலர் புதிய சர்வருக்கும் போவார்கள். அந்த இடைவெளியில் பழைய சர்வரில் விழும் ஆர்டர் புதிய தரவுத்தளத்தில் இருக்காது. வாடிக்கையாளர் பணம் கட்டியிருப்பார், கடைக்காரருக்கு ஆர்டர் தெரியாது. இதைத் தவிர்க்க முதல் நாளே டிஎன்எஸ் பதிவின் காலக்கெடுவை 300 நொடியாகக் குறைத்துவிட்டு, மாற்றும் இரவில் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவைப்பார்கள். தெரிந்தவருக்கு இது ஒரு மாலை வேலை. பலகாரக் கடைக்காரருக்கு இது, ஆயிரங்களைக் கொடுத்து ஒருவரை அமர்த்த வேண்டிய வேலை. அந்த ஆயிரங்களும் புதுப்பிப்பில் கூடும் ஆயிரங்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் யாரும் மாறமாட்டார்கள். புதுப்பிப்பு விலை நிற்கும் இடம் அந்த எல்லைக்கு அருகில்தான். ஹோஸ்டிங் நிறுவனமே தரும், சுட்டியால் இழுத்துவைத்துத் தளம் அமைக்கும் கருவியில் கடையைக் கட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பல கருவிகள் தளத்தை அப்படியே வெளியே எடுத்துச் செல்ல விடுவதில்லை, வேறு இடத்தில் முதலிலிருந்து கட்ட வேண்டும்.

மின்னஞ்சல் இன்னும் இறுக்கமான முடிச்சு. கடைப் பெயரில் உள்ள முகவரியைத்தான் ஜிஎஸ்டி தளத்திலும் வங்கியிலும் பணம் வாங்கும் கேட்வேயிலும் கொடுத்திருப்பார்கள். ஓடிபி அதற்குத்தான் வரும். தளம் ஒரு நாள் நின்றால் வியாபாரம் ஒரு நாள் போகும். மின்னஞ்சல் நின்றால் வரிக் கணக்குக்குள் நுழையவே முடியாமல் போகலாம். அதனால் ஹோஸ்டிங்கை மாற்றத் துணிபவர்கூட மின்னஞ்சலைத் தொட அஞ்சுகிறார். மின்னஞ்சல் ஹோஸ்டிங்கோடு சேர்ந்தே இருப்பதால் ஹோஸ்டிங்கையும் விட்டுவிடுகிறார். மூன்றையும் ஒரே கட்டாகத் தந்து அதில் இரண்டை இலவசமாக்குவது ஏன் என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. எளிதில் கழலக்கூடிய டொமைன், கழல மறுக்கும் மின்னஞ்சலோடு சேர்த்துக் கட்டப்படுகிறது. எஸ்எஸ்எல் சான்றிதழுக்கும் சில இடங்களில் இரண்டாம் ஆண்டு பணம் கேட்கிறார்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2016 முதல் யாருக்கும் சான்றிதழை இலவசமாகத் தருகிறது, சிபேனலே அதைத் தானாகப் புதுப்பிக்கும். சாதாரணக் கடைத் தளம் ஒன்று இதற்குப் பணம் கட்ட எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இல்லை.

இந்த முடிச்சுகளோடு நேரமும் சேர்ந்து அழுத்துகிறது. `.com` பெயர் காலாவதியானால் முதலில் 45 நாள் வரை ஒரு சலுகைக் காலம் கிடைக்கலாம். எத்தனை நாள் என்பது நிறுவனத்தின் விருப்பம். அதற்குள் தளமும் மின்னஞ்சலும் நின்றிருக்கும். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். ஐகானின் பெயர்த் தேடல் பக்கமான `lookup.icann.org` தளத்தில் பெயரை இட்டால் அப்போது `redemptionPeriod` என்ற நிலை தெரியும். இதில் பெயரை மீட்கப் புதுப்பிப்புக் கட்டணத்துக்கு மேல் தனி மீட்புக் கட்டணம் உண்டு, அது பெரும்பாலும் பெயரின் விலையைப் போலப் பல மடங்கு. அதன் பிறகு ஐந்து நாளில் பெயர் பொதுச் சந்தைக்குப் போய்விடும். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்பது ஐகானின் 2013ஆம் ஆண்டு விதி. ஆனால் நினைவூட்டல் போகும் முகவரி, பல சமயம், அந்த டொமைனில் உள்ள மின்னஞ்சலாகவே இருக்கிறது, அல்லது தளம் போட்டுக் கொடுத்தவருடையதாக இருக்கிறது. தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு இருந்தால் கவலையில்லை என்று நினைக்கவும் முடியாது. ரிசர்வ் வங்கியின் 2021 ஏற்பாட்டின்படி தொடர் கட்டணங்களுக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி அறிவிக்க வேண்டும். 2022 ஜூனில் உயர்த்தப்பட்ட வரம்பான 15,000 ரூபாய்க்கு மேல் இத்தகைய கட்டணம் போனால், ஒவ்வொரு முறையும் ஓடிபி தர வேண்டும். ஓராண்டுப் பில் இந்த வரம்புக்குள் அடங்கும். குறைந்த மாத விலைக்காக மூன்று நான்கு ஆண்டுத் திட்டம் எடுத்தவருக்குப் புதுப்பிப்பும் அதே நீளத்துக்கு வரும், இருபதாயிரத்தைத் தாண்டும், யாரும் ஓடிபி தராததால் பணம் போகாது. கட்டியாகிவிட்டது என்று நம்பிய பெயர் காலாவதியாகும். நுகர்வோரைக் காக்க வந்த அந்த வரம்பு நல்லதுதான். அது இருப்பதை அறிந்து கார்டையும் தேதியையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: பெயர் யார் பெயரில் இருக்கிறது? தளம் போட்டுக் கொடுப்பவர் தன் கணக்கிலேயே டொமைனையும் வாங்கித் தருவது நம் ஊர்களில் சகஜம். ஏமாற்றும் எண்ணத்தோடு செய்வதல்ல, கடைக்காரருக்குத் தொல்லை வேண்டாம் என்று செய்வது. ஆனால் மாற்றக் குறியீடு தரும் பொத்தான் அவர் கணக்கில்தான் இருக்கிறது. ஐகான் தரும் மாற்றும் உரிமை பெயரின் பதிவுதாரருக்கு உரியது, கடைக்காரருக்கு அல்ல. அதனால் `.com` பெயருக்கு நான் மேலே சொன்ன எளிய வெளியேற்றம் கடைக்காரரிடமிருந்து பறிபோகிறது, புதுப்பிப்பு விலையைச் சொல்பவர் இப்போது இன்னொருவராகிறார். இதைத் தவிர்க்கச் செலவு எதுவும் இல்லை. கடைக்காரர் தன் கைபேசி எண்ணும் தனிப்பட்ட மின்னஞ்சலும் கொடுத்து ஒரு கணக்கைத் தொடங்கி, அதில் பெயரை வாங்கி, தளம் போடுபவருக்கு டிஎன்எஸ் பதிவை மட்டும் மாற்றித் தரலாம். ஹோஸ்டிங்கை ஓரிடத்திலும் டொமைனை வேறிடத்திலும் வைப்பதன் பயனும் இதுவே: ஹோஸ்டிங் விலை பிடிக்காதபோது பெயரைப் பற்றிய பயமின்றி விலகலாம்.

மாறும் செலவு உள்ள சந்தைகளில் இப்படித்தான் நடக்கும் என்று பொருளாதார அறிஞர் பால் கிளெம்பரர் 1987இலேயே காட்டியிருக்கிறார். முதலில் வாடிக்கையாளரைப் பிடிக்க விலையை அடித்துக் குறைப்பார்கள், பிடித்த பிறகு அவரிடமே அதை வசூலிப்பார்கள். போட்டி இருந்தாலும் இது மறைவதில்லை, போட்டி முழுவதும் முதல் ஆண்டு விலையில்தான் நடக்கிறது. இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி எழும்: புதுப்பிப்பு விலையை நிறுவனங்கள் மறைப்பதில்லையே, அடியில் எழுதித்தானே இருக்கிறது, படிக்காதது வாங்குபவர் தவறல்லவா? நேர்மையான விலையை முன்னே காட்டும் நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்தால் இதற்குப் பதில் கிடைக்கும். அந்த நிறுவனம் எல்லா ஆண்டும் ஒரே விலை வைக்கிறது: ஹோஸ்டிங் மாதம் 300, டொமைன் 1,100, மின்னஞ்சல் அதே 2,376. வரியோடு ஆண்டுக்கு 8,350 ரூபாய். ஐந்தாண்டில் 41,748. நாம் முன்பு பார்த்த திட்டம் ஐந்தாண்டில் 48,904. நேர்மையான விலை ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் மலிவு. ஆனால் வாங்கும் நாளில் கடைக்காரர் கண்முன் நிற்பது 2,818உம் 8,350உம். மூன்று மடங்கு விலை சொல்லும் நிறுவனத்தை யார் தேர்ந்தெடுப்பார்? சேவியர் கபேயும் டேவிட் லெய்ப்சனும் 2006இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் விளக்குகிறது. மறைந்த கட்டணத்தை வெளிச்சம் போட்டுக் காட்டும் நிறுவனத்துக்கு அதனால் வாடிக்கையாளர் சேர்வதில்லை. அந்த விளக்கத்தைக் கேட்டுப் புத்திசாலியானவர், முதல் ஆண்டுத் தள்ளுபடியை மற்ற நிறுவனத்தில் அனுபவித்துவிட்டு விலகிப்போகக் கற்றுக்கொள்கிறார். ஆகவே எழுதியிருப்பதால் மட்டும் சந்தை திருந்தாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அடியில் எழுதியிருக்கும் புதுப்பிப்பு விலை இன்றைய விலை, அதுவே அடுத்த ஆண்டும் இருக்கும் என்று நிறுவனம் உறுதி தருவதில்லை.

மற்றொரு மறுப்பு இதைவிட வலுவானது. முதல் ஆண்டு மலிவாக இருப்பதால்தான் கையில் பணமில்லாத புதுக் கடைகள் இணையத்தை முயன்று பார்க்கின்றன, அந்த முயற்சியின் செலவை நிலைத்துவிட்ட கடைகள் பகிர்ந்துகொள்கின்றன, இதில் என்ன அநியாயம் என்பது அது. நம் கணக்கே இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. இரண்டு ஆண்டு முடிவில் தள்ளுபடித் திட்டத்துக்கு ஆகும் மொத்தம் 14,339 ரூபாய், ஒரே விலைத் திட்டத்துக்கு 16,699. மூன்றாம் ஆண்டின் முடிவில்தான் கணக்கு தலைகீழாகி, முன்னது 25,861, பின்னது 25,049 என்று வருகிறது. இரண்டு ஆண்டுக்குள் தளத்தை மூடிவிடும் கடைக்குத் தள்ளுபடித் திட்டம் உண்மையிலேயே லாபம். இதை மறுக்க மாட்டேன். ஆனால் நிலைத்துவிட்ட கடைகள் எல்லாம் இந்தச் செலவைப் பகிர்வதில்லை. தளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கும் கடை, புதுப்பிப்பு வரும்போது விலகிவிடும், அல்லது விலகுவேன் என்று அழைத்துச் சொல்லித் தள்ளுபடி வாங்கிவிடும். ரத்து செய்யும் பக்கம் வரை போனவருக்குத் திடீரென்று பழைய விலையே கிடைப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். முழு விலை கட்டி மற்றவர் தள்ளுபடிக்கும் சேர்த்துக் கொடுப்பவர், ஆளும் இல்லாமல் விவரமும் தெரியாமல் இருக்கும் சிறிய கடைக்காரர். பகிர்வு என்றால் அது இயன்றவரிடமிருந்து வர வேண்டும், இங்கே அது எதிர்த்திசையில் ஓடுகிறது.

இந்தியச் சட்டம் இதில் எதுவரை வருகிறது என்று பார்த்தால், 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகையைத் தடுக்கின்றன. கூடைக்குள் கேட்காத பொருளைச் சேர்ப்பது, விலையைத் துளித்துளியாகக் காட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவிடுவது, இணைய மென்பொருள் சேவைகளில் சொல்லாமல் தொடர்ந்து பணம் எடுப்பது ஆகியவை அதில் அடங்கும். டொமைன் வாங்கும் பக்கத்தில் தானாகவே டிக் செய்யப்பட்டிருக்கும் கூடுதல் பாதுகாப்புச் சேவை, இதன்படி கேள்விக்குரியது. ஆனால் புதுப்பிப்பு விலை உயர்வதையே இந்த வழிகாட்டுதல்கள் தடுப்பதில்லை. நுகர்வோர் என்ற வரையறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நுகர்வோர் அல்லர். சுயதொழிலால் பிழைப்புக்காக மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. குடும்பமே நடத்தும் பலகாரக் கடை இந்த விலக்கைக் கோரிப் பார்க்கலாம். பத்துப் பேர் வேலை செய்யும் ஜவுளிக் கடை வாதாடித்தான் உள்ளே வர வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் வீடு, வாகனக் காப்பீட்டுத் துறையில் இதே பிரச்சினை இருந்தது. 2022 ஜனவரி 1 முதல், பழைய வாடிக்கையாளரிடம் புதுப்பிப்பின்போது புதியவருக்குச் சொல்லும் விலையைவிடக் கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று அங்குள்ள நிதி ஒழுங்குமுறை ஆணையம் தடை விதித்தது. அதை அப்படியே ஹோஸ்டிங்குக்குக் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன். இரண்டு ஆண்டில் மூடும் கடைக்கும் இப்போது கிடைக்கும் மலிவு அதோடு போய்விடும். வேண்டியது அதைவிடச் சிறியது. டொமைனின் புதுப்பிப்புக் கட்டணத்தையும் மீட்புக் கட்டணத்தையும் தளத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்று ஐகானின் 2013 விதி ஏற்கெனவே சொல்கிறது. அந்தக் கடமையை ஹோஸ்டிங்குக்கும் மின்னஞ்சலுக்கும் நீட்டித்து, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, அதே அளவு எழுத்தில், வரியும் இலவசம் முடிந்த பொருள்களும் சேர்த்து இரண்டாம் ஆண்டின் மொத்தத் தொகையை ஒரே எண்ணாகக் காட்டச் சொன்னால் போதும். நம் கடைக்காரருக்கு அப்போது 2,818க்குப் பக்கத்திலேயே 11,522 தெரியும். ஒரே விலை வைக்கும் நிறுவனத்தின் 8,350உம் முதல்முறையாக ஒப்பிடக்கூடிய விலையாக நிற்கும்.